எஸ்.எம்.எஸ். டிக்கெட்டை அட்டவணை ஆக்குவது எப்படி?

இந்த மாதம் கோலம், பொன்மொழி எல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். அதனால் நான் ரயில் டிக்கெட் பற்றி எழுதுகிறேன்.

2024 மே மாதம் எங்க அப்பத்தாவுக்குச் சென்னையில் கண் ஆபரேஷன் முடிந்து, மறுபடி காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். 24-ஆம் தேதி காலை வர வேண்டும். மாமா போனிலேயே டிக்கெட் போட்டு அப்பாவுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினார். அதில் தேதி 23, நேரம் 00:20 என்று இருந்தது. சரி, 23 ராத்திரி ரயில் என்று எல்லோரும் நினைத்தோம். 23 ராத்திரி பதினொன்றரைக்கு அப்பத்தாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு திண்டுக்கல் ஸ்டேஷனில் போய் நின்றால், அங்கே இருந்தவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது நேத்து ராத்திரியே போயிடுச்சேம்மா" என்றார். அப்புறம் பஸ் பிடித்து, கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டே போய்ச் சேர்வதற்குள் டோக்கன் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடி போனோம். டிக்கெட் காசும் போச்சு.

தப்பு ரயில் மேல் இல்லை. 00:20 என்றால் நள்ளிரவு 12 மணி 20 நிமிஷம். 12 அடித்ததுமே தேதி மாறிவிடும். அதனால் "23, 00:20" என்பது 22 ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய ரயில். எஸ்.எம்.எஸ்.ஸில் எல்லாம் இருந்தது, எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

2025 மே மாதம் மறுபடி போக வேண்டி வந்தபோது, நான் கணக்கு நோட்டில் நாலு கட்டம் போட்டு, வந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் பிரித்து எழுதினேன். ரயில் செய்தி இப்படி இருந்தது. (பி.என்.ஆர். எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் நம் டிக்கெட் விவரத்தைப் பார்க்கலாம். இது சுவரில் ஒட்டும் தாள் என்பதால் எண்களுக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.)

```
PNR:45123*****,TRN:126**,DOJ:15-05-25,
SL,DG-MS,DP:00:20,S4 17,S4 20
```

முதலில் பார்த்தால் கிறுக்கல் மாதிரி இருக்கும். கமா வரும் இடத்தில் எல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பிரிந்துவிடும். `PNR` பத்து இலக்கம். `TRN` ரயில் எண், அது ஐந்து இலக்கம். `DOJ` பயணத் தேதி, `SL` படுக்கை வகுப்பு, `DP` புறப்படும் நேரம். `S4 17` என்றால் எஸ்-4 பெட்டியில் 17-ஆம் படுக்கை. `DG` திண்டுக்கல், `MS` சென்னை எழும்பூர். சென்னை சென்ட்ரலுக்கு `MAS` என்று போடுவார்கள். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஸ்டேஷனே வேறு. அதனால் கட்டத்தில் குறியீட்டை எழுதாமல் ஊர்ப் பெயரையே முழுசாக எழுத வேண்டும். அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினாலும் புரியும்.

இந்தச் செய்தியில் ஒன்று மட்டும் இல்லை. எப்போது போய்ச் சேரும் என்பது எங்கேயும் கிடையாது. முந்தின வருஷம் எங்களைக் கவிழ்த்தது இதுதான். வருகைக் கட்டம் ஒன்று இருந்திருந்தால், "23 காலை சென்னை" என்று எழுதும்போதே, ஆஸ்பத்திரிக்கு 24 அல்லவா போகணும், ஏன் ஒரு நாள் முன்னாடி போய் நிற்கிறோம் என்று கேட்டிருப்போம். மாமாவும் டிக்கெட்டை மாற்றியிருப்பார். அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. பிரவுசிங் சென்டரில் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்தால் அதில் சேரும் நேரம் இருக்கும். 139-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

திரும்பி வருவதற்கு அரசு விரைவுப் பஸ். அந்தச் செய்தியில் தேவையானது இவ்வளவுதான்:

```
PNR:T*******,From:CHENNAI To:DINDIGUL,
Journey Date:17/05/2025,Time:21:30,
Seat No:11,12,Boarding at:KILAMBAKKAM
```

இதிலும் சேரும் நேரம் இல்லை. எட்டு மணி நேரம் ஆகும் என்று சித்தப்பா சொன்னார். 21:30 என்பது ராத்திரி ஒன்பதரை. அதோடு எட்டைக் கூட்டினால் 29:30, அதில் 24 போக 5:30. இருபத்து நாலைக் கழித்தாலே தேதி ஒன்று கூடிவிட்டது என்று அர்த்தம். அதனால் 18-ஆம் தேதி என்று எழுதினேன். இது ஒருவர் சொன்ன கணக்கு என்பதால் பக்கத்தில் "சுமார்" என்றும் போட்டேன்.

என் அட்டவணை:

| பயணம் | புறப்பாடு | வருகை | குறிப்பு எண் |
|---|---|---|---|
| ஊர் – திண்டுக்கல், டவுன் பஸ் | 14 புதன் இரவு 9:00 | 14 புதன் இரவு 9:50 சுமார் | இல்லை |
| திண்டுக்கல் – சென்னை எழும்பூர், ரயில், எஸ்-4: 17, 20 | 15 வியாழன் 00:20 (புதன் ராத்திரியே ஸ்டேஷனில் இருக்கணும்) | 15 வியாழன் காலை 6:50 | 45123* |
| கிளாம்பாக்கம் – திண்டுக்கல், விரைவுப் பஸ், சீட் 11, 12 | 17 சனி இரவு 9:30 | 18 ஞாயிறு காலை 5:30 சுமார் | T* |

கிழமையையும் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. தேதி மட்டும் இருந்தால் கண் தாண்டிப் போய்விடும். "வியாழன் 00:20" என்று எழுதும்போதுதான் புதன் ராத்திரி ஞாபகத்துக்கு வருகிறது.

எழுதி முடித்ததும் ஒரு வேலை உண்டு. ஒரு வரிசையின் வருகை ஊரும் அடுத்த வரிசையின் புறப்பாட்டு ஊரும் ஒன்றா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் வரிசை திண்டுக்கல்லில் முடிகிறது, இரண்டாவது அங்கேயே தொடங்குகிறது, சரி. அதற்கு அடுத்தது? எழும்பூரில் இறங்குகிறோம், கிளாம்பாக்கத்தில் ஏறுகிறோம்! செய்தியில் சென்னை என்று பார்த்ததும் கோயம்பேட்டில் பஸ் ஏறலாம் என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தென் மாவட்ட விரைவுப் பஸ்கள் அங்கே மாறிவிட்டன. நாங்கள் தங்கிய சித்தி வீடு புரசைவாக்கத்தில், அங்கிருந்து அது ரொம்ப தூரம். அதனால் நடுவில் ஒரு வரிசை சொருகினேன்: சனி சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பி, எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் வண்டலூர், அங்கிருந்து பஸ். குறிப்பு எண் இல்லை.

குறிப்பு எண்ணை எழுதும்போது நான் மூன்று, மூன்று, நாலு என்று பிரித்து எழுதிவிட்டு, தம்பியை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். அவன் ஒரு 7-ஐ 1 என்று வாசித்தான். என் கையெழுத்து அப்படி!

படுக்கை எண் இருக்கும் இடத்தில் `WL` என்று இருந்தால் அந்த வரிசையைப் பேனாவால் எழுதாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள். அது காத்திருப்புப் பட்டியல். போனில் போட்ட டிக்கெட்டில் எல்லோருக்கும் கடைசிவரை `WL` ஆகவே இருந்தால் ரயிலில் ஏற முடியாது, பணம் திரும்பி வரும். `RAC` என்றால் ஏறலாம், உட்கார இடம் கிடைக்கும்.

அட்டவணையை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அப்பா சட்டைப் பையிலும் இன்னொன்றை அப்பத்தா சுருக்குப் பையிலும் வைத்தோம். போன் சார்ஜ் இறங்கினாலும் கவலை இல்லை. 14 ராத்திரி ரயில் அரை மணி நேரம் தாமதம். அப்பத்தா பிளாட்பாரத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்குப் புதனா, வியாழனா?" என்று மூணு தடவை கேட்டது. மணி 12 ஆகும் வரை புதன், அப்புறம் வியாழன் என்று நான் சொன்னேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி

(உங்கள் வீட்டில் யாராவது வெளியூர் போவதாக இருந்தால் எஸ்.எம்.எஸ்.ஸை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், மதிய இடைவேளையில் சேர்ந்து கட்டம் போடலாம்.)