120 டிகிரியும் இரண்டு தவறான காரணங்களும்

வட்டத் தேற்றக் கணக்கைத் திருத்தும்போது அடிக்கடி வரும் சிக்கல் இது. கோண அளவு சரியாக இருக்கும். பக்கத்தில் எழுதிய காரணம் தப்பாக இருக்கும், அல்லது காரணமே இருக்காது. எத்தனை மதிப்பெண் போடுவது? திண்டுக்கல்லில் மாலை நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நிலக்கோட்டை, வேடசந்தூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு. கைக்கு வந்த ஒரு மாதிரி வினாத்தாளை அவர்களுக்குத் தேர்வாக வைத்தேன். அதில் இருந்த ஒரே ஒரு கணக்கை வைத்து இதைப் பார்க்கலாம்.

O வட்டத்தின் மையம். A, B, C, D நான்கும் இதே வரிசையில் வட்டத்தின் மேல் இருக்கும் புள்ளிகள். AC நாணின் ஒரு பக்கம், பெரிய வில்லில் B இருக்கிறது. மறுபக்கம், சிறிய வில்லில் D இருக்கிறது. ∠AOC = 120° என்றால் ∠ABC, ∠ADC இரண்டையும் காரணத்துடன் காண்க. நான்கு மதிப்பெண்: ஒவ்வொரு கோணத்துக்கும் அளவுக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று.

சரியான வழி சின்னதுதான். ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம், வட்டத்தின் மீதிப் பகுதியில் அது தாங்கும் கோணத்தைப்போல் இரண்டு மடங்கு. அதனால் ∠ABC = 60°. ABCD வட்ட நாற்கரம். எதிர்க்கோணங்களின் கூடுதல் 180°. அதனால் ∠ADC = 120°. வகுப்பில் அநேகமாக எல்லோரும் 60, 120 என்றே எழுதியிருந்தார்கள்.

பிரச்சினை காரணத்தில் இருந்தது. ஒரு பையன் எழுதியது: ∠ABC = 180° − 120° = 60°, காரணம் "வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள்". அவன் OABC என்ற வடிவத்தைப் பார்த்திருக்கிறான். O-வும் B-யும் எதிரெதிரே இருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் O மையம். வட்டத்தின் மேல் இல்லை. வட்ட நாற்கரம் என்றால் நான்கு முனைகளும் வட்டத்தின் மேல் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, படத்தில் OABC அம்பு முனைபோல் உள்வாங்கிய வடிவம். அதற்குள்ளே O-வில் இருக்கும் கோணம் 120 கூடக் கிடையாது, 240.

இன்னொரு பிள்ளை ∠ABC-க்குச் சரியான காரணம் எழுதிவிட்டு, இரண்டாவதில் சறுக்கியிருந்தாள். ∠ADC = ∠AOC = 120°, காரணம் "ஒரே நாணின் மேல் அமைந்த கோணங்கள் சமம்". அந்தத் தேற்றம் வட்டத்தின் மேல், நாணுக்கு ஒரே பக்கத்தில் உள்ள புள்ளிகளுக்கானது. இங்கே ஒரு கோணம் மையத்தில் இருக்கிறது. வேறு சிலர் OADC-யை இணைகரம் என்று எழுதியிருந்தார்கள். D சிறிய வில்லின் சரிபாதியில் இருந்தால் மட்டும் அது உண்மை: அப்போது OAD, ODC இரண்டும் சமபக்க முக்கோணங்கள், OADC சாய்சதுரம். D-யைக் கொஞ்சம் நகர்த்தினால் இணைகரம் போய்விடும், ∠ADC மட்டும் 120 ஆகவே நிற்கும். காரணம் போன பிறகும் விடை நிற்கிறது என்றால், அது காரணம் இல்லை.

இரண்டு தவறான வழிகளும் எப்படிச் சரியான விடையில் போய் முடிகின்றன? மையக்கோணம் x என்று வையுங்கள். ∠ABC-யின் உண்மையான அளவு x/2; முதல் பையன் வழியில் 180 − x. இரண்டும் சமமாக இருக்க

x/2 = 180 − x

இதைத் தீர்த்தால் x = 120. வேறு எந்த எண்ணுக்கும் பொருந்தாது. இரண்டாவதில் உண்மையான அளவு 180 − x/2. அந்தப் பிள்ளையின் வழியில் x. அதுவும் x = 120-க்கு மட்டும்தான் சமம். கேள்வி போட்டவர் அழகான எண் என்று 120-ஐ எடுத்திருப்பார். இரண்டு தப்பையும் ஒரே சமயத்தில் மறைக்கிற ஒரே எண் அதுதான்.

இதே மாதிரி மறைக்கும் எண்கள் இன்னும் உண்டு. வட்ட நாற்கரத்தில் ஒரு கோணத்தை 90 என்று கொடுத்தால், "எதிர்க்கோணங்கள் சமம்" என்று தப்பாக நினைப்பவனுக்கும் விடை சரியாக வரும்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். முதல் பையன் தாளோடு வந்து நின்றான்.

"சார், விடை சரிதானே? ஏன் ஒரு மார்க் குறைச்சிருக்கீங்க?"

"120-க்குப் பதிலா 100 போட்டுப் பாருப்பா. உன் வழியில என்ன வருது?"

"80 சார்."

"அதே கோணத்தை மையக்கோணத்துல பாதின்னு எடுத்தா?"

"50."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவன் காரணமே எழுதல சார், அவனுக்கு மட்டும்?" என்று பக்கத்துப் பையனைக் காட்டினான். நியாயமான கேள்வி. தப்பான வழியில் வந்த விடைக்கு அளவு மதிப்பெண்ணையும் வெட்ட வேண்டும் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. கணக்கின்படி அவர்கள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அப்படி வெட்டினால், நினைத்ததை எழுதியவனுக்குப் பூஜ்யம், ஒன்றும் எழுதாதவனுக்கு ஒன்று. அடுத்த தேர்வில் எல்லோரும் காரணத்தை எழுதாமல் விட்டுவிடுவார்கள். யார் மனதில் என்ன தப்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமலே போகும். அதனால் இருவருக்கும் அளவுக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். காரணத்துக்கு இருவருக்கும் இல்லை. தப்பான காரணத்தின் பக்கத்தில் "O வட்டத்தின் மேல் இருக்கிறதா?" என்று மட்டும் எழுதினேன். அவனே இரண்டாம் பகுதியில் ABCD-யை எடுத்து 180 − 60 என்று சரியான காரணத்தோடு எழுதியிருந்தான். அதற்கு முழுசாக இரண்டு. முதல் பகுதியின் தப்பை அங்கேயும் கொண்டுபோய்க் குறைக்கக் கூடாது.

"வட்டத் தேற்றப்படி" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை. எந்தத் தேற்றம் என்பதுதான் கேள்வியே. "மையக்கோணம் இரு மடங்கு" என்ற சுருக்கத்தை ∠ABC-க்கு ஏற்றுக்கொண்டேன். ஆனால் அதையே ∠ADC-க்கும் போட்டு 60 என்று எழுதியவர்களும் இருந்தார்கள். எந்த வில் என்று சொல்லாததால் வந்த வினை. D-யில் கோணத்தைத் தாங்குவது பெரிய வில்; அது மையத்தில் தாங்குவது 240° பின்வளை கோணம். அதில் பாதி 120. இந்த வழியில் வந்த ஒரு பிள்ளைக்கு, விடைக்குறிப்பில் இல்லாவிட்டாலும், முழு மதிப்பெண். யூக்ளிடின் மூன்றாம் புத்தகத்தில் மையக்கோணத் தேற்றம் 20-ஆவது, வட்ட நாற்கரத் தேற்றம் 22-ஆவது. இவள் 22-ஐத் தொடாமல் 20-ஐ வைத்தே இரண்டு கோணத்தையும் முடித்துவிட்டாள்.

அடுத்த வாரம் அதே படம், அதே கேள்வி, ∠AOC = 100° என்று மாற்றிக் கொடுத்தேன். சரியான விடை 50, 130. OABC-யை வட்ட நாற்கரமாக எடுத்தால் 80, 100 வரும். இதில் 80 + 100 = 180 என்று கூடுதல் சரியாக இருப்பதால், எழுதிய பிள்ளை சரிபார்த்தாலும் தப்பு தெரியாது. மையக்கோணத்தையும் D-யையும் சமம் என்று எடுத்தால் 50, 100 வரும். இங்கே கூடுதல் 150, கொஞ்சம் கவனித்தால் அவர்களே பிடித்துவிடலாம். இரண்டுக்கும் பாதி போட்டிருந்தால் 50, 50. காரணம் எழுதாத தாளில்கூட எண்ணைப் பார்த்ததும் எந்தத் தப்பு என்று இந்தத் தடவை சொல்ல முடிந்தது. போன வாரம் காரணமே எழுதாமல் 60, 120 என்று போட்டிருந்த பக்கத்துப் பையனின் தாளில் இருந்தது 80, 100.