நம் படத்தில் பிறர் பிள்ளைகள்: பகிர்வதற்கு முன் செய்ய வேண்டியவை

மும்பையின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், சுதந்திர தினத்தன்று கொடியேற்றம் முடிந்து, குழந்தைகளுக்கான மாறுவேடப் போட்டி நடைபெறுகிறது என்று கொள்வோம். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஜான்சி ராணியாக மேடையில் நிற்கிறாள். அவளுடைய தந்தை திறன்பேசியில் படம் எடுக்கிறார். அன்று மாலையே அதைச் சமூக ஊடகத்தில் வெளியிட விரும்புகிறார். தம் மகளின் படத்தை எடுத்ததாகவே அவர் கருதுகிறார். ஆனால் படத்தில் இருப்பவர் அவள் மட்டும் அல்லர்.

சிறுமியின் இடப்பக்கம் பாரதியார் வேடத்தில் ஒரு சிறுவன் சற்று விலகி நிற்கிறான். வலப்பக்கம் நேதாஜி வேடமிட்ட மற்றொரு சிறுவன் அவள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறான். அவன் மார்பில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை குத்தப்பட்டிருக்கிறது. பின்னால் தொலைவில் ஒரு குழந்தை ஓடிக்கொண்டிருக்கிறது. வலது ஓரத்தில் குடியிருப்பின் பெயர்ப்பலகை; அதன் அருகே இளம்பெண் ஒருவர். இடது கீழ்மூலையில் ஒரு ஸ்கூட்டரும் அதன் பதிவெண்ணும்.

அந்த இளம்பெண், கணவரின் கொடுமையிலிருந்து விலகி, தாம் வந்து சேர்ந்த இடத்தை எவருக்கும் தெரிவிக்காமல் இங்கே குடியேறியவராக இருக்கலாம். அவர் முகமும் குடியிருப்பின் பெயரும் ஒரே படத்தில் அமைந்துவிட்டால், அவர் இத்தனை நாள் காத்துவந்த மறைவு அன்றோடு முடிந்துவிடும். சிறுவனின் பெயரும் வீட்டு எண்ணும் அறிந்த அந்நியர் ஒருவர், அவனைப் பெயர் சொல்லி அழைத்து நம்பிக்கையைப் பெறுவது எளிது. பெற்றோருக்குத் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் மகனுக்கு விபத்து, உடனே பணம் அனுப்புங்கள்" என்று பதறவைப்பதும் எளிது. இப்பேராபத்துகளில் எதையும் படம் எடுத்தவர் எண்ணியிருக்க மாட்டார். எண்ணிப் பார்க்கும் வாய்ப்பும் அவருக்கு இருந்திராது. பக்கத்தில் நிற்பவரின் சூழ்நிலை நமக்குத் தெரியாது என்பதே, அவரைப் படத்திலிருந்து நீக்குவதற்குப் போதிய காரணம்.

சட்டம் இதில் ஓரளவே துணை நிற்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. தனிநபர் எண்மத் தரவுகளைக் காக்க 2023-இல் இயற்றப்பட்ட சட்டம், 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களுடைய தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைக் கேட்கிறது. எனினும், ஒருவர் தம் சொந்த அல்லது குடும்பப் பயனுக்காகக் கையாளும் தரவுகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. குடும்பப் படங்களைப் பொறுத்தவரை, பொறுப்பு பெரும்பாலும் நம் கைகளிலேயே விடப்பட்டுள்ளது.

இனி அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்வோம். முதலில் படத்தின் நகல் ஒன்றை உருவாக்கிக்கொள்வது நல்லது. மாற்றங்கள் யாவும் நகலில்தான். மூலப்படம் குடும்பத் தொகுப்பில் அப்படியே இருக்கட்டும்.

முதற்படி, வெட்டுதல். ஓரங்களில் இருப்பவை எல்லாம் இதிலேயே போய்விடும். வலது ஓரத்தை உள்ளே நகர்த்தினால் இளம்பெண்ணும் பெயர்ப்பலகையும் நீங்குகின்றனர். இடது ஓரத்தை நகர்த்தினால் பாரதியாரும் ஸ்கூட்டரும் நீங்குகின்றனர். முகத்தை மட்டும் மறைத்தால் உடை, உடல்வாகு, உடன் நிற்பவர் ஆகியவற்றைக் கொண்டு அறிந்தவர்கள் ஆளைக் கண்டுகொள்வார்கள். வெட்டிய பகுதியில் அந்த அடையாளங்களும் இல்லை. எனவே வெட்ட முடிந்த இடத்தில் வேறு வழியை நாட வேண்டியதில்லை.

இரண்டாம் படி, மூடுதல். நேதாஜி வேடச் சிறுவனை வெட்டினால் நம் சிறுமியின் தோளும் போய்விடும். ஆகவே அவன் முகத்தையும் மார்பில் உள்ள அட்டையையும் மூட வேண்டும். இங்கேதான் பலர் மங்கலாக்கும் கருவியையோ, முகத்தைச் சிறு சிறு கட்டங்களாக்கும் கருவியையோ பயன்படுத்துகின்றனர். அது போதாது. 1973-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் உருவத்தைச் சில நூறு சாம்பல் நிறக் கட்டங்களாக மாற்றி வெளியிட்டார். அருகில் பார்த்தால் வெறும் கட்டங்கள். சற்று விலகி நின்றோ கண்களைச் சுருக்கியோ பார்த்தால் லிங்கன் தெளிவாகத் தெரிகிறார். கட்டங்கள் நுணுக்கங்களை அழிக்கின்றன. முகத்தின் பொது அமைப்பை அழிப்பதில்லை. அந்த அமைப்பே, முன்பே அறிந்த ஒருவரை அடையாளம் காணப் போதுமானது. சிறுவனைத் தேடுபவர் அவனை அறிந்தவராகவே இருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது.

ஆகையால் மூடுவது முழுமையாக ஒளிபுகாத ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நிறம் நிரப்பிய கட்டமோ, ஒளி ஊடுருவாத ஸ்டிக்கரோ ஏற்றது. அது முடியிலிருந்து முகவாய் வரையிலும், இரு காதுகள் வரையிலும் மறைக்க வேண்டும். கண்களை மட்டும் மறைக்கும் கறுப்புப் பட்டை பயனற்றது. பேனா வடிவக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் தேவை. வரிகளை எடுத்துக்காட்டப் பயன்படும் தடித்த பேனா ஓரளவு ஒளிபுகக்கூடியது. அதைக் கொண்டு பலமுறை தீட்டினால் கறுப்பாகத் தோன்றும். ஆனால் படத்தின் வெளிச்சத்தை எவரேனும் உயர்த்தினால் அடியில் உள்ளது மீண்டும் வெளிப்பட்டுவிடும். நாமே வெளிச்சத்தை முழுமையாக உயர்த்திப் பார்த்து இதைச் சோதித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி, அழித்தல். பின்னால் ஓடும் குழந்தை தனித்துச் சிறிதாகத் தெரிவதால், இன்றைய திறன்பேசிகளில் உள்ள அழிப்பான் கருவி அதற்குப் பொருந்தும். விரலால் வட்டமிட்டால் அக்கருவி உருவத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் சுவரையோ தரையையோ தானே ஊகித்து வரைந்துவிடும். ஒருவரை ஒருவர் தொட்டு நிற்கும் இடத்தில் இதைப் பயன்படுத்தினால் தோளில் உரியவர் இல்லாத கை மிஞ்சும், விரல்கள் உருமாறும். தொலைவில் உள்ளவரை அழித்தாலும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, தரையில் விழுந்த நிழல். மற்றொன்று, கண்ணாடியிலோ பளபளக்கும் தரையிலோ தெரியும் பிம்பம். உருவம் நீங்கிய பின்னும் இவை இரண்டும் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன.

இப்போது படம் கண்ணுக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதும் கோப்பினுள் இருப்பதும் ஒன்றல்ல. 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் திறன்பேசிகளில் ஒரு குறை வெளிப்பட்டது. திரைப்படிமம் ஒன்றை வெட்டிச் சேமித்தபோது, வெட்டிய சிறிய படம் பழைய பெரிய கோப்பின் மீதே எழுதப்பட்டது. எஞ்சிய பழைய பகுதி நீக்கப்படவில்லை. ஒரு பழைய பேரேட்டுப் பக்கத்தின் மேற்பாதியில் மட்டும் புதிய பதிவை எழுதி, கீழ்ப்பாதியை அப்படியே விட்டதற்கு இது ஒப்பாகும். வெட்டிய பகுதியின் பெரும்பங்கை அக்கோப்பிலிருந்து மீட்க முடிந்தது. விண்டோஸ் கணினிகளின் திரைவெட்டுக் கருவியிலும் இதே குறை காணப்பட்டது. இரண்டும் சரிசெய்யப்பட்டன. ஆயினும், முன்பே பகிரப்பட்ட கோப்புகளை எந்தத் திருத்தமும் திரும்ப அழைத்துவிடாது.

ஐபோனில் வேறொரு வழக்கம் உண்டு. அங்கே செய்யும் திருத்தங்கள் எப்போது வேண்டுமானாலும் Revert என்பதை அழுத்தி நீக்கத்தக்கவை. மூலப்படம் உள்ளேயே இருக்கும். ஏர்டிராப் வழியாக All Photos Data என்ற தெரிவுடன் அனுப்பினால், பெறுபவருக்கும் அந்த மூலம் போய்ச் சேரும். அசையும் படமாக எடுக்கப்பட்டிருந்தால், எடுத்த நொடிக்கு முன்னும் பின்னும் ஒன்றரை நொடிக் காட்சி உடன் இருக்கும். நிலைப்படத்தில் இல்லாதவர் அதில் நடந்து செல்லலாம். கேமராவுக்கு இருப்பிட அனுமதி அளித்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்பில் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அப்பதிவு நீங்கிவிடுகிறது. தெளிவு குறையக் கூடாது என்று ஆவணமாக அனுப்பும்போது உடன் செல்கிறது.

இவை அனைத்துக்கும் ஒரே எளிய தீர்வு உண்டு. அதுவே நான்காம் படி. வெட்டி, மூடி, அழித்து முடித்த படத்தைத் திரை முழுவதும் விரித்து, ஒரு திரைப்படிமம் எடுக்க வேண்டும். அப்படிமத்தில் திரையில் தெரிந்தது மட்டுமே இருக்கும். மூடியதன் அடியில் ஒன்றும் இராது. அசைவும் பழைய திருத்தங்களும் படம் எடுத்த இடத்தின் குறிப்பும் அதில் சேர்வதில்லை. தெளிவு சற்றுக் குறையும். ஆனால் திறன்பேசித் திரையில் பார்ப்பதற்கு அது போதும். வெளியிட வேண்டியது இந்தப் படிமத்தையே.

படத்தோடு எழுதும் வரிகளும் படத்தின் பகுதியே. பலகையை வெட்டிவிட்டுக் குடியிருப்பின் பெயரை நாமே எழுதினால் வெட்டியதன் பயன் போய்விடும். மற்றச் சிறுவர்களின் பெற்றோரைப் பெயர் சுட்டி இணைத்தாலும் அவ்வாறே. நம் மகளின் பிறந்த தேதியையும் தவிர்க்கலாம். பல வங்கிகள் மின்னஞ்சலில் அனுப்பும் கணக்கறிக்கையைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் சில எழுத்துகளும் பிறந்த நாளும் சேர்ந்தே அமைகிறது. இன்று குழந்தையின் பெயரிலும் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. பெயரையும் முழுத் தேதியையும் ஊரறிய வெளியிடுவது, அச்சொல்லையே பிறர் கையில் கொடுப்பதாகும்.

முன்பே வெளியிட்ட படங்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. நம் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டு, நாம் அனுப்பிய குழுக்களிலும் நீக்கக் கோரலாம். ஆனால் பிறர் சேமித்த நகல்கள் நம் கட்டுப்பாட்டில் இல்லை. பிறர் வெளியிட்ட படத்தில் நம் பிள்ளை இருந்தால், முதலில் அவரிடமே நீக்குமாறு கேட்பது பெரும்பாலும் பயன் தரும். அவர் இசையாவிடில், சமூக ஊடக நிறுவனங்கள் 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அமர்த்த வேண்டிய குறைதீர் அலுவலரிடம், படத்தின் இணைப்பைக் குறிப்பிட்டு முறையிடலாம்.

நான்கு படிகளையும் செய்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். அதனினும் குறைந்த நேரத்தில் முடியும் வேலை ஒன்று உண்டு. நேதாஜி வேடச் சிறுவனின் தாய் அதே முற்றத்தில்தான் இருக்கிறார். படத்தைக் காட்டி, "இதை வெளியிடலாமா?" என்று அவரிடம் கேட்டுவிடலாம். அவர் சரி என்றால் அட்டையை மட்டும் மூடினால் போதும். வேண்டாம் என்றால் முகத்தையும் சேர்த்து மூட வேண்டும்.