பிக்கிக்கு ஓர் இரங்கல் உரை

நாவலில் இறந்துபோன ஒருவருக்கு, அதே கதையின் இன்னொரு பாத்திரமாக நின்று இரங்கல் உரை எழுதி வகுப்பின் முன் வாசிப்பது, ஆங்கில இலக்கிய வகுப்புகளில் தரப்படும் நாடகப் பயிற்சிகளில் ஒன்று. இதற்கு வசதியான நாவல் வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்’ (1954). ஆளில்லாத் தீவில் சிக்கிய பள்ளிச் சிறுவர்களின் கதை அது. அதில் பிக்கி கொல்லப்படுகிறான். அவன் உடலைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. அவனுக்கு இறுதிச் சடங்கே நடப்பதில்லை. அந்த இடைவெளியை மாணவர் நிரப்ப வேண்டும்.

முதலில் பேசுபவர் யார் என்று முடிவாக வேண்டும். பிக்கியை வளர்த்த அத்தை பேசினால் ஆஸ்துமாவும் அவளுடைய மிட்டாய்க் கடையும் உரையில் வரலாம். தீவில் நடந்தது அவளுக்குத் தெரியாது. அவன் சாகும்போது அருகில் இருந்த ரால்ஃப் பேசினால் உரையின் எடை கூடும். அடுத்து, இடமும் கேட்போரும். மீட்க வந்த போர்க்கப்பலின் தளத்தில் ரால்ஃப் பேசுவதாக வைத்துக்கொண்டால், பாறையைப் புரட்டிவிட்ட ரோஜரும் மூக்குக் கண்ணாடியைப் பறித்த ஜாக்கும் எதிரே நிற்பார்கள். கேட்கும் மாணவர்கள் அந்தப் பாத்திரங்களை ஏற்கலாம்.

ரால்ஃப் சொல்லக்கூடியவை நாவலிலேயே இருக்கின்றன. சங்கை ஊதிக் கூட்டம் சேர்க்கலாம் என்ற யோசனை பிக்கியுடையது. தீ மூட்ட உதவியது அவன் கண்ணாடி. ‘பிக்கி’ என்பது அவன் வெறுத்த பட்டப்பெயர். அதை யாரிடமும் சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்ட பிறகும், எல்லோர் முன்னும் போட்டு உடைத்தவன் ரால்ஃப்தான். அவனுடைய உண்மைப் பெயர் நாவலில் எங்குமே இல்லை. வழக்கமான இரங்கல் உரை இறந்தவரின் பெயரோடு தொடங்கும். ரால்ஃபுக்கோ முதல் வாக்கியத்திலேயே நா தடுமாறும். நாவலைக் கூர்ந்து படித்த மாணவர் இங்கே ஒரு நிறுத்தம் வைப்பார்.

பெரும்பாலும் மூன்று பிழைகள் நேர்கின்றன. ஒன்று, உரை கதைச் சுருக்கமாகிவிடுவது. கேட்போர் ஏற்கெனவே அறிந்ததை அவர்களுக்கே வரிசையாகச் சொன்னால் இது நடந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது, பேசுபவருக்குத் தெரியாததைப் பேசுவது. பன்றித் தலை சைமனிடம் பேசியது வாசகருக்குத் தெரியும், ரால்ஃபுக்குத் தெரியாது. மூன்றாவது, வெறும் புகழ்ச்சி. பிக்கி ஓயாமல் குறைப்பட்டுக்கொள்பவன், உடலுழைப்பைத் தட்டிக்கழிப்பவன். சைமனின் கொலையை விபத்து என்று சாதித்தவனும் அவனே. இவற்றை மறைத்தால் உரை யாருக்கும் பொருந்திவிடும்.

வாசிப்புக்கு இரண்டு நிமிடம் போதும். அழுகையை நடிக்கத் தேவையில்லை. துக்கத்தை மறைக்க முயலும் குரலே இந்தச் சிறுவனுக்குப் பொருத்தம். வாசிப்பு முடிந்ததும் ஜாக்காகவோ ரோஜராகவோ அமர்ந்திருந்தவர்களிடம், எந்த வரியில் தலை குனியத் தோன்றியது என்று ஆசிரியர் கேட்கலாம். அவர்கள் குறிப்பிட்ட ஒரு வரியைச் சொன்னால், உரை அந்தக் கப்பலில் நின்றவர்களை நோக்கியே எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.