வேன் நேரம் எப்படி இருக்கு?

"மக்களே, புது வேன் டைமிங் எப்படி இருக்கு? சொல்லுங்க!"

அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில் இப்படி ஒரு செய்தி விழுந்தால் என்ன நடக்கும்? நாலைந்து கட்டைவிரல்கள், ஒரு கிண்டல். மூத்தவர் ஒருவர் "சூப்பர்" என்று போட்டதும் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள். இரவு வேனைத் தவறவிட்டு ஆட்டோவில் போனவர் அந்த இடத்தில் வாய் திறக்கமாட்டார்.

கேட்டவருக்கு உண்மையில் வேண்டியது ஒரு முடிவுக்கான தகவல். அதே கேள்வியைக் கணக்கெடுப்பு அழைப்பாக மாற்றினால், ஏறக்குறைய இப்படி வரும்:

"வணக்கம். இந்த மாதம் முதல் இரவு வேன் 10.30-க்குப் பதிலாக 10 மணிக்கே கிளம்புகிறது. இந்த நேரத்தையே தொடர்வதா, பழையபடி மாற்றுவதா என்று அடுத்த மாத முதல் வாரத்தில் முடிவெடுக்க இருக்கிறோம். அதற்கு, வேனில் பயணிக்கும் உங்கள் அனுபவம் தேவை. மொத்தம் 6 கேள்விகள். சுமார் 3 நிமிடம் ஆகும். பெயர், மின்னஞ்சல் கேட்கவில்லை. விருப்பமிருந்தால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் நிரப்பித் தாருங்கள். சந்தேகம் இருந்தால் என்னை அழைக்கலாம். நன்றி."

இதில் மரியாதை 'வணக்கம்', 'நன்றி'யில் மட்டும் இல்லை. பதில் எந்த முடிவுக்குப் பயன்படும், எப்போது பயன்படும் என்று சொல்லியிருப்பதிலும் இருக்கிறது. "சேவையை மேம்படுத்த" என்று பொதுவாக எழுதியிருந்தால், வேனில் போகிறவருக்குத் தன் பதிலால் எது மாறும் என்று புரிந்திருக்காது.

அடுத்தது நேரம். மிர்தா கலேசிச், மிக்கேல் போஸ்னியாக் என்ற ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இணையக் கணக்கெடுப்புக்கு 10, 20, 30 நிமிடம் ஆகும் என்று வெவ்வேறு குழுக்களிடம் சொன்னார்கள். சொன்ன நேரம் கூடக்கூட, தொடங்கியவர்களும் முடித்தவர்களும் குறைந்தார்கள்.

அதற்காகக் குறைத்துச் சொன்னால் வேறு சிக்கல். மூன்று நிமிடம் என்று நம்பி வந்தவர், எட்டாவது நிமிடத்தில் பாதியில் மூடிவிடுவார். அல்லது கடைசிக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே விடையைத் தட்டிவிட்டுப் போவார். முடிவுகளில் அடுத்தடுத்து ஒரே எண் வரிசையாக நின்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஆகவே, படிவத்தைத் தயாரிக்காத இரண்டு மூன்று பேரைக் கைப்பேசியில் நிரப்பச் சொல்லி, அதிக நேரம் எடுத்தவரின் கணக்கை எழுதுவது நல்லது.

பெயர் கேட்கவில்லை என்ற வாக்கியத்தையும் சரிபார்க்க வேண்டும். கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பு இயங்கினால் அந்த வாக்கு பொய்யாகிவிடும். அதை நிறுத்தினாலும், மூன்றே பேர் உள்ள பிரிவில் 'உங்கள் பிரிவு எது, எத்தனை ஆண்டு அனுபவம்' என்று கேட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். வேன் நேரத்துக்கு அந்த விவரம் தேவையில்லை. எந்த நிறுத்தத்தில் இறங்குகிறார் என்பது போதும். அந்த நிறுத்தத்தில் ஒருவர் மட்டுமே இறங்குகிறார் என்றால், பக்கத்து நிறுத்தத்தோடு சேர்த்து ஒரே விடையாகக் கொடுக்கலாம்.

பெயரில்லாத படிவத்தில் யார் நிரப்பவில்லை என்பது தெரியாது. அதனால் வியாழக்கிழமை நினைவூட்டல் எல்லோருக்குமே போகும். "ஏற்கெனவே நிரப்பியவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டாம்" என்பது அதன் முதல் வரியாக இருக்க வேண்டும்.