ஒரே கட்டுரை, நான்கு மதிப்பெண்

அமெரிக்காவின் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனம் 1961இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பால் டீடெரிக்கும் அவருடைய கூட்டாளிகளும் மாணவர் கட்டுரைகள் 300ஐ எடுத்து, பல துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் தனித்தனியாகக் கொடுத்தார்கள். தரத்துக்கேற்ப ஒன்பது நிலைகளில் அடுக்கச் சொன்னார்கள். 101 கட்டுரைகள் ஒன்பது நிலைகளிலும் வந்து விழுந்தன. ஒருவர் மிகச் சிறந்தது என்றதை வேறொருவர் மிக மோசம் என்றிருந்தார். ஐந்து நிலைக்குக் குறைவாகச் சிதறிய கட்டுரை ஒன்றுகூட இல்லை. காரணத்தைத் தேடியபோது, படித்தவர்களின் நாட்டம் வேறு வேறாக இருந்தது தெரிந்தது. சிலர் கருத்தைப் பார்த்தார்கள், சிலர் பிழையைப் பார்த்தார்கள், சிலர் எழுத்தின் தனிச் சுவையைப் பார்த்தார்கள்.

நான் தமிழாசிரியராக இருந்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்பின் நான்கு பிரிவுகளையும் நான்கு பேர் திருத்தினார்கள். கட்டுக்கு 40 தாள். அரையாண்டுத் தேர்வில் ‘எங்கள் ஊர் நீர்நிலை’ என்ற கட்டுரைக்கு 20 மதிப்பெண். பெற்றோர் ஒருவர் இரண்டு தாள்களை அருகருகே வைத்துக் கேள்வி கேட்டார். அதன்பின் ஒப்பாய்வு செய்து அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது.

நல்லது, நடுத்தரம், சுமார் என்று ஆறு கட்டுரைகளை எடுத்துப் பெயரையும் பழைய மதிப்பெண்ணையும் மறைத்து நகலெடுத்தேன். நால்வரும் தனித்தனியே திருத்தினார்கள். மதிப்பெண்ணைத் தாளில் போடாமல் தனிச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். பிறர் போட்ட எண் கண்ணில் பட்டுவிட்டால் நம் கை அதைச் சுற்றியே நிற்கும். அப்புறம் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

சீட்டுகளைச் சேர்த்து ஆளுக்கொரு சராசரி போட்டேன். முதலாமவருக்கும் நான்காமவருக்கும் 12.3. இரண்டாமவருக்கு 9.5. மூன்றாமவருக்கு 13.3. இரண்டாமவர் இறுக்கிப் போடுகிறார், மூன்றாமவருக்குத் தாராளக் கை என்று இதைப் பார்த்தவுடன் சொல்லத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு கட்டுரையாக வரிசை பார்த்தபோது இரண்டும் வேறு கதை என்று புரிந்தது.

இரண்டாமவர் எல்லாக் கட்டுரைக்கும் ஏறத்தாழ மூன்று குறைத்திருந்தார். பிறர் 17 போட்டதற்கு 14, பிறர் 8 போட்டதற்கு 5. எது மேல், எது கீழ் என்பதில் அவருக்கும் மற்றவர்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. மூன்றாமவர் அப்படியல்ல. ஐந்தாம் கட்டுரையை நீக்கிவிட்டுக் கூட்டினால் அவருடைய மொத்தமும் முதலாமவருடைய மொத்தமும் ஒன்றே, 64. அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் முதலாமவர் 10, இரண்டாமவர் 8, மூன்றாமவர் 16, நான்காமவர் 11 என்று போட்டிருந்தார்கள். அவரைத் தாராளக்காரராகக் காட்டியது அந்த ஒரே தாள்தான். சராசரியை மட்டும் பார்த்து அவருடைய கட்டு முழுவதிலும் ஒவ்வொரு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தால் நாற்பது பிள்ளைகளுக்கும் அநியாயம் செய்திருப்போம்.

கூட்டத்தில் ஐந்தாம் கட்டுரையை முதலில் எடுத்தோம். பணியில் இளையவர் மூன்றாமவர். அவரையே முதலில் பேசச் சொன்னேன். மூத்தவர் வாய் திறந்துவிட்டால் இளையவர் தன் 16ஐத் தானே 12 ஆக்கிக்கொள்வார்.

கட்டுரை எழுதிய மாணவி தன் ஊர் ஏரியை நேரில் பார்த்து எழுதியிருந்தாள். மதகு எந்தப் பக்கம், கலிங்கு வழியும்போது எந்தத் தெரு முதலில் நனையும், தூர் வாரிய வண்டலை யார் வயலுக்கு ஓட்டினார்கள் என்று ஒவ்வொன்றும் அதில் இருந்தது. வேறு எந்தத் தாளிலும் இப்படி ஓர் ஊர் தெரியவில்லை. ஆனால் ‘ஏரி’ என்பதை ஒன்பது இடத்திலும் ‘ஏறி’ என்றே எழுதியிருந்தாள். அதுபோக வேறு ஐந்து பிழைகள். முடிவுரை இல்லை, பத்தி பிரித்ததும் சரியில்லை.

“தலைப்புக்கு உரிய சொல்லையே தப்பாக எழுதினால் எப்படி ஐயா விடுவது?” என்றார் முதலாமவர்.

“அம்மா, அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்தான் தெரியவில்லை. ஒன்பது தடவை வந்ததால் ஒன்பது பிழையாகிவிடுமா?” என்றார் இளையவர்.

விடைக்குறிப்பைப் பிரித்தோம். கருத்துக்கு 8, அமைப்புக்கு 4, நடைக்கு 5, எழுத்துப்பிழையும் ஒற்றும் சேர்ந்து 3. முதலாமவர் பிழைக்கு அரை மதிப்பெண் வீதம் பதினான்கு பிழைக்கு 7 கழித்திருந்தார். மூன்றுக்குள் நிற்க வேண்டிய கழிவு கருத்துக்கும் நடைக்கும் உரிய மதிப்பெண்ணிலும் கை வைத்துவிட்டது. இரண்டாமவரும் நான்காமவரும் அதையேதான் செய்திருந்தார்கள். மூன்றாமவரோ கட்டுரையில் மனம் லயித்துப் பிழைக்கு 1 மட்டுமே கழித்திருந்தார். அதுவும் சரியில்லை. ஒரே சொல்லின் பிழையை ஒன்றாக எண்ணினால் ஆறு பிழை. அரை வீதம் 3. அந்தப் பகுதியில் அவளுக்குச் சுழியம், அமைப்பில் 3 குறைவு. மீதி 14. நால்வரும் கையெழுத்திட்டார்கள். நான்கு எண்களையும் கூட்டி வகுத்திருந்தால் 11.25 வந்திருக்கும். நால்வரில் மூவர் செய்த ஒரே தவறு அதற்குள் அப்படியே ஒளிந்திருக்கும்.

அடுத்து இரண்டாமவரின் மூன்று மதிப்பெண். ஒரே அளவு வித்தியாசம்தானே, கட்டு முழுவதற்கும் மூன்று கூட்டிவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எதற்காகக் குறைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். மேற்கோள் இல்லாத கட்டுரைக்கு அவர் மூன்று குறைப்பார். அவர் முன்பு வேலை பார்த்த பள்ளியில் அதுதான் வழக்கமாம். எங்கள் விடைக்குறிப்பில் அப்படி ஒரு வரி இல்லை. நான் எடுத்த ஆறு கட்டுரைகளில் ஒன்றிலும் மேற்கோள் இல்லாததால்தான் வித்தியாசம் ஒரே சீராகத் தெரிந்திருக்கிறது.

உடனே அவருடைய கட்டைப் புரட்டிப் பார்த்தோம். 11 தாள்களில் குறளோ வேறு பாடலோ இருந்தது. அவற்றுக்கு அவர் எதையும் குறைத்திருக்கவில்லை. அவற்றிலிருந்து மூன்றை எடுத்து மற்றொருவரைத் திருத்தச் சொன்னபோது ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு வரவில்லை. நாற்பதுக்கும் கூட்டியிருந்தால் அந்தப் பதினொரு பேர் காரணமில்லாமல் மூன்று மேலே போயிருப்பார்கள். ஆகவே மேற்கோள் இல்லாத 29 தாள்களுக்கு மட்டும் கூட்டினோம்.

ஒரு மதிப்பெண் வேறுபாட்டை நாங்கள் எங்கும் தொடவில்லை. இருபதுக்குப் பன்னிரண்டா, பதின்மூன்றா என்பது நேர்மையான இருவருக்கிடையே வரக்கூடியதுதான். ஒரே ஆள் ஒரு மாதம் கழித்துத் திருத்தினாலும் வரும்.

அறிக்கையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய எண், புதிய எண், காரணம் மூன்றையும் எழுதினேன். காரணம் இல்லாமல் எண் மட்டும் மாறியிருந்தால், அடுத்து வந்து கேட்கும் பெற்றோருக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது. விடைக்குறிப்பில் இரண்டு வரி சேர்ந்தது: ஒரே சொல்லின் பிழை எத்தனை முறை வந்தாலும் ஒன்று, பிழைக்கான கழிவு மூன்றைத் தாண்டக் கூடாது. மற்ற கட்டுகளில் மூன்றுக்கு மேல் கழித்த தாள்களைத் தேடி எடுத்து, எழுத்துப்பிழைப் பகுதியை மட்டும் மறுபடி திருத்தினோம்.

ஒன்று மட்டும் தீரவில்லை. அதே ஐந்தாம் கட்டுரையில் மாணவி தன் பாட்டி சொன்னதைப் பேச்சுவழக்கிலேயே எழுதியிருந்தாள். அது நடைக்கு அழகு என்றார் இருவர், குறை என்றார் இருவர். விடைக்குறிப்பு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாளில் யாரும் அதற்காகக் குறைக்க வேண்டாம் என்று முடிவு செய்து, ‘கருத்து ஒன்றுபடவில்லை, இரண்டுக்கு இரண்டு’ என்று அறிக்கையில் எழுதி, அடுத்த தேர்வுக்கு விடைக்குறிப்பு தயாரிக்கும் கூட்டத்துக்கு அந்தக் கேள்வியை அனுப்பிவைத்தேன்.