காலியாக இருந்தும் பயன்படாத இடம்

உறைந்த இறாலைச் சேமிக்கும் ஒரு குளிர்கிடங்கை எடுத்துக்கொள்வோம். ஒரே ரகம், ஒரே நாளில் பதப்படுத்தியது, 24 பேலட் வந்திருக்கிறது. எந்த ராக்கில் வைப்பது?

எல்லாரும் அறிந்தது செலக்டிவ் ராக். ஒவ்வொரு பேலட்டும் நடைபாதையைப் பார்த்தே நிற்கும். எதையும் நகர்த்தாமல் எதையும் எடுக்கலாம். ஆனால் முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு வரிசை ராக் சுமார் இரண்டரை மீட்டர் என்றால், ஃபோர்க்லிஃப்ட் திரும்ப ஏறக்குறைய 3 மீட்டர் பாதை விட வேண்டும். தரையில் பாதிக்கு மேல் வெறும் பாதை. குளிர்கிடங்கில் அந்தப் பாதையையும் மின்சாரம் செலவழித்துக் குளிரவைக்க வேண்டும்.

டிரைவ்-இன் ராக்கில் ஃபோர்க்லிஃப்ட் ராக்குக்குள்ளேயே நுழைகிறது. ஆறு பேலட் ஆழம், நான்கு அடுக்கு என்றால் ஒரு சந்தில் 24 பேலட். நம் சரக்கு கச்சிதமாக அடங்கிவிடும். சிக்கல் எடுக்கத் தொடங்கிய பிறகுதான். 14 பேலட் விற்றுப்போய் 10 மிஞ்சினால், 14 இடம் காலி. அங்கே வேறு ரகத்தை வைத்தால் பின்னால் இருக்கும் இறாலுக்கு வழி அடைபடும். புதிதாக வந்த அதே ரகத்தை வைத்தாலோ, பழையது உள்ளேயே கிடந்து காலாவதியை நெருங்கும். ஆகவே சந்து முழுதும் தீரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

புஷ்-பேக் இந்த இழப்பைச் சிறிதாக்குகிறது. ஒவ்வொரு அடுக்கிலும் பாதையை நோக்கிச் சற்றே சரிந்த தண்டவாளம், அதில் ஓடும் வண்டிகள். புதுப் பேலட்டை வைக்கும்போது முந்தையது பின்னுக்குத் தள்ளப்படும். முன்னதை எடுத்தால் அடுத்தது தானாக முன்வரும். நான்கு ஆழம் என்றால் ஒரு அடுக்கு வரிசைக்கு நான்கு பேலட். மிஞ்சிய 10 பேலட்டுக்கு மூன்று வரிசை, அதாவது 12 இடம், வீணாவது இரண்டுதான். மேல் அடுக்கில் வேறு ரகமும் வைக்கலாம். இங்கும் கடைசியில் வைத்ததே முதலில் வரும். விலையும் அதிகம்.

அதனால் கிடங்கில் மொத்தம் எத்தனை பேலட் என்பதைவிட, ஒரு ரகத்தின் ஒரே தொகுப்பில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே சரி என்பேன். இருபதுக்கு மேல் வந்து, மொத்தமாகவே வெளியேறினால் டிரைவ்-இன். ஐந்து, பத்து என்றால் புஷ்-பேக். ஒன்றிரண்டு என்றால் செலக்டிவ். ஒரே கூரையின் கீழ் மூன்றும் இருப்பதில் தவறில்லை.

டிரைவ்-இன் அமைப்பவர்கள் தூண்களின் அடிப்பாகத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் நுழைவதற்காகவே கீழே குறுக்குச் சட்டம் இருக்காது. பேலட்டின் இரு விளிம்புகள் மட்டும் பக்கவாட்டுத் தண்டவாளத்தில் தங்கும். இடிபட்டு ஒரு தூண் வளைந்தால் இடைவெளி அகன்று பேலட் கீழே விழலாம். புஷ்-பேக்கில் முன்னதை எடுத்தபின் அடுத்தது வராமல் நின்றால், பெரும்பாலும் உடைந்த அடிப்பலகை தண்டவாளத்தில் சிக்கியிருக்கும். அதை இழுத்துவிட ஆள் உள்ளே ஏறக் கூடாது. பாரத்தோடு பேலட் எந்த நொடியிலும் சறுக்கி வரும்.