சொத்தையை நிறுத்தும் வெள்ளித் துளி

மூன்று வயதுக் குழந்தை ஒன்று. மேல் முன்பற்கள் நான்கும் ஈறோரத்தில் அரித்துப் பழுப்பேறியிருக்கின்றன. இரவில் பால்புட்டியை வாயில் வைத்தபடி தூங்கிப் பழகிய குழந்தைகளிடம் பல் மருத்துவர்கள் அடிக்கடி காணும் சொத்தை இது. குடைந்தெடுத்து அடைப்பதென்றால் ஊசி போட வேண்டும், இயந்திரம் சுழலும், குழந்தை வெகுநேரம் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்க வேண்டும். மூன்று வயதில் அது எளிதில் நடக்காது. அதனால் சில குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் பல் வைத்தியம் செய்கிறார்கள்.

இவர்களுக்காகவே இருக்கிறது சில்வர் டையமைன் ஃபுளோரைடு. ஊசியும் குடைச்சலும் இல்லாமல் சொத்தையின் மேல் தடவி, ஒரு நிமிடம் ஊறவிடுகிறார்கள். பலருக்குச் சொத்தை அதோடு நின்றுவிடுகிறது. ஆனால் தடவிய இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். பெற்றோர் தயங்குவது இங்கேதான். அந்தக் கறுப்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால் தயக்கத்தில் பாதி குறையும் என்று நினைக்கிறேன்.

பல் மருத்துவத்தில் சொத்தையை வெள்ளி கொண்டு அடக்குவது பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில்வர் நைட்ரேட்டைத் தடவினார்கள். ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ரெய்ச்சி யமாகாவும் மிசுசு நிஷினோவும் 1960களின் இறுதியில் வெள்ளியையும் ஃபுளோரைடையும் ஒரே திரவத்தில் சேர்த்தார்கள். 1970இல் அது ஜப்பானில் மருந்தாக அனுமதி பெற்றது. அமெரிக்கா 2014இல்தான் அனுமதித்தது, அதுவும் பல் கூச்சத்துக்கு என்று. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

பல்லுக்குள் என்ன நடக்கிறது? வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் முதலில் எனாமலிலிருந்தும், பிறகு அதற்கு அடியிலுள்ள டென்டினிலிருந்தும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்துவிடுகிறது. டென்டினில் தாது மட்டும் இல்லை, கொலாஜன் என்ற புரத நாரும் பின்னியிருக்கிறது. தாது போனதும் அந்த நார் வெளியே தெரியும். நொதிகள் அதையும் அறுக்கத் தொடங்கும்போது பல் மெத்தென்றாகிவிடுகிறது. பால் பற்களில் எனாமல் மெல்லியது என்பதால் இதெல்லாம் வேகமாக நடக்கிறது.

வழக்கமாகப் பயன்படும் 38 சதவீதக் கரைசலில் வெள்ளி, ஃபுளோரைடு, அம்மோனியா மூன்றும் இருக்கின்றன. வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கின்றன. உள்ளே போய் அதன் நொதிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குகின்றன. கொலாஜனை அறுக்கும் நொதிகளையும் வெள்ளி தடுக்கிறது. ஃபுளோரைடு, பல்லில் மீதியிருக்கும் கால்சியத்தோடும் எச்சிலில் வரும் கால்சியத்தோடும் சேர்ந்து, அமிலத்துக்கு எளிதில் கரையாத தாதுவாகப் படிகிறது. அம்மோனியாவின் வேலை, வெள்ளி முன்கூட்டியே படிந்துவிடாமல் திரவத்திலேயே கரைந்திருக்கச் செய்வது. இப்படி மெத்தென்று இருந்த இடம் சில வாரங்களில் இறுகுகிறது.

இனி கறுப்புக்கு வருவோம். நல்ல எனாமல் நெருக்கமான தாதுச்சுவர். அதில் புரதம் மிகக் குறைவு, வெள்ளி தங்க இடமில்லை. சொத்தை விழுந்த டென்டினோ நுண்துளைகள் நிறைந்தது. அங்கே புரதம் வெளியே தெரிகிறது. வெள்ளி அயனிகள் அந்தப் புரதத்தில் ஒட்டி, மிக நுண்ணிய உலோக வெள்ளித் துகள்களாக மாறுகின்றன. அந்த அளவுக்குச் சிறிய துகள்கள் பளபளப்பதில்லை, கறுப்பாகத்தான் தெரியும். கொஞ்சம் வெள்ளி பாஸ்பேட்டோடு சேர்ந்து முதலில் மஞ்சளாகி, வெளிச்சம் பட்டதும் இருள்கிறது. இன்னும் கொஞ்சம் கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. காலில் கிடக்கும் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவதும் இதே சேர்மத்தால்தான். ஆகவே நல்ல பல் வெள்ளையாகவே இருக்க, கெட்ட இடம் மட்டும் கறுக்கிறது. கண்ணுக்குத் தப்பியிருந்த தொடக்கச் சொத்தைகூட மருந்து பட்டதும் சில நேரம் வெளிப்பட்டுவிடும்.

தடவும் முறை எளிது, ஆனால் கவனம் வேண்டும். உதட்டிலும் ஈறோரத்திலும் வாஸலின் பூசி, பல்லில் ஒட்டியிருக்கும் உணவைத் துடைத்து, பஞ்சு வைத்து எச்சிலைத் தடுத்துப் பல்லை உலர்த்துகிறார்கள். ஒரு துளி சுமார் 25 மைக்ரோலிட்டர். நான்கைந்து பற்களுக்கு அதுவே போதும். அதில் ஃபுளோரைடு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல், வெள்ளி ஆறு மில்லிகிராம் போல இருக்கும். குழந்தையின் எடையில் பத்து கிலோவுக்கு ஒரு துளி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் உச்ச வரம்பு. நம் மூன்று வயதுக் குழந்தைக்கு 14 கிலோ என்றால், நான்கு முன்பற்களுக்கும் சேர்த்து ஒரே துளியில் வேலை முடிந்துவிடும். நாக்கில் பட்டால் உலோகச் சுவை தெரியும். தோலில் பட்ட கறை சில நாட்களிலிருந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் தானே போய்விடும். துணியில் பட்டால் போகாது.

ஒருமுறை தடவியதோடு விட்டுவிடக் கூடாது. ஹாங்காங்கில் மழலையர் பள்ளிகளில் படித்த 888 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. 38 சதவீத மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவியபோது, 30 மாத முடிவில் நான்கில் மூன்று சொத்தைகள் நின்றிருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை என்றபோது மூன்றில் இரண்டு. அதே நகர ஆய்வாளர்கள் சீனக் குழந்தைகளிடம் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: மெத்தென்ற சொத்தையைச் சுரண்டிவிட்டுத் தடவினாலும், சுரண்டாமல் தடவினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஊசிக்கும் இயந்திரத்துக்கும் வேலை இல்லாமல் போனது இதனால்தான்.

நான்கில் ஒன்று நிற்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. முன்பற்களைவிடக் கடைவாய்ப் பற்களில் பலன் குறைவு; அங்கே குழிக்குள் உணவு அடைந்து கிடக்கும், பிரஷ் எட்டாது. கறுத்துவிட்டது என்பதற்காகச் சொத்தை நின்றுவிட்டது என்று முடிவுகட்டவும் முடியாது. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மருத்துவர் மெல்லிய கருவியால் தொட்டுப் பார்ப்பார். கறுப்பாகவும் கெட்டியாகவும் இருந்தால் நின்றுவிட்டது. பழுப்பாகவோ மெத்தென்றோ இருந்தால் இன்னும் அரிக்கிறது, மறுபடி தடவ வேண்டும். பால் பல் தானாக விழும்வரை இந்தக் கண்காணிப்பு தொடர வேண்டும். முன்பற்கள் ஆறு முதல் எட்டு வயதுக்குள் விழும். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்கும். குழி அப்படியே இருப்பதால் பின்னால் கிளாஸ் அயனோமர் வைத்து அடைத்தால் உணவும் தங்காது, கறுப்பும் ஓரளவு மறையும். பொட்டாசியம் அயோடைடைத் தடவிக் கறையைக் குறைக்கும் முறையும் உண்டு. ஆனால் நாளாக ஆக அதுவும் இருள்வதுண்டு.

நியூயார்க்கில் பெற்றோரிடம் படங்களைக் காட்டிக் கேட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது. கடைவாய்ப் பல்லில் கறுப்பை மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றார்கள். முன்பல்லில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே ஏற்றார்கள். இல்லாவிட்டால் குழந்தைக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றபோது, முன்பல்லுக்கும் சரி என்றவர்கள் பாதிக்கு மேல் ஆனார்கள். அந்தப் பெற்றோரின் கணக்கு சரியானது. குழந்தை சிரிக்கும்போது கறுப்புத் தெரிவது வருத்தம்தான், அதை லேசாக எண்ண வேண்டியதில்லை. அதனால்தான் தடவுவதற்கு முன்பே கறுத்த பல்லின் படத்தைக் காட்டிச் சம்மதம் வாங்குவது மருத்துவரின் கடமை. காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இந்த மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. சொத்தை பல்லின் நடுவிலுள்ள நரம்புவரை போய்விட்டால் இது உதவாது. குழந்தை இரவில் பல்வலியால் விழித்து அழுதாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் தெரிந்தாலோ, கன்னம் வீங்கினாலோ வேறு சிகிச்சைதான். வெள்ளி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும், வாயில் புண் இருக்கும்போதும் இதைத் தடவக் கூடாது. பல்லில் பழுப்புக் குழி தெரிந்ததுமே, வலி வரும்வரை காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் போங்கள். அப்போதுதான் இந்தத் துளிக்கு வேலை இருக்கும்.